ஜிம் சந்தாவையோ டியூஷனையோ இடையில் நிறுத்திவைப்பது: மீண்டும் தொடங்கும் விதிகளை முன்கூட்டியே கேட்டுப் பெறுவதற்கான முழுமையான வழிகாட்டி

ஒரு ஜிம்மின் வரவேற்பு மேசையில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். நோய் காரணமாகவோ ஊர் மாறுவதாலோ சந்தாவை நிறுத்திவைக்க வருபவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: "நிறுத்திவைக்க முடியுமா?" முடியும் என்று சொன்னவுடன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும்போதுதான் மீதியிருந்த நாட்கள் குறைந்திருப்பதும், பயிற்சியாளருடன் வாங்கிய வகுப்புகள் காலாவதியாகியிருப்பதும், பழைய கட்டணம் இப்போது செல்லாது என்பதும் அவர்களுக்குத் தெரியவரும். அவர்களுக்கு அன்று வாய்மொழியாக உறுதி சொன்ன ஊழியர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

ஆகவே இந்த வழிகாட்டி, நிறுத்திவைப்பதைவிடத் திரும்பத் தொடங்குவதைப் பற்றியே அதிகம் பேசுகிறது. ஆண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்டிய ஜிம் உறுப்பினரின் நிலையை முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். டியூஷனில் எங்கெல்லாம் நிலைமை மாறுகிறது என்பதைப் பிற்பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எதை நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

ஜிம்களில் 'ஃப்ரீஸ்' என்று சொல்லப்படும் இந்த நிறுத்திவைப்பு ஒரே சொல்லாக இருந்தாலும் அதற்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, சந்தாவின் முடிவு தேதி தள்ளிப்போவது. இரண்டாவது, உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படுவது நிற்பது. மூன்றாவது, நீங்கள் சேர்ந்தபோது பேசிய கட்டணம் மாறாமல் காக்கப்படுவது. ஒரு நிலையம் இவற்றில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு 'ஃப்ரீஸ் போட்டாயிற்று' என்று சொன்னால் அது பொய்யாகாது. நீங்கள் மூன்றையும் எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம் உங்களுக்குத்தான்.

முழு ஆண்டுக்கும் முன்பணம் கட்டியவருக்கு முதலாவதுதான் முக்கியம், ஏனென்றால் அவரிடமிருந்து இனி எடுக்கப் பணம் எதுவும் இல்லை. மாதந்தோறும் ஆட்டோ டெபிட் முறையில் கட்டுபவருக்கு இரண்டாவது முக்கியம். அவர் குறைந்தபட்சம் இத்தனை மாதம் தொடர்வதாக ஒப்புக்கொண்டு சேர்ந்திருந்தால், நிறுத்திய மாதங்கள் அந்தக் கட்டாயக் காலத்தில் கழியுமா அல்லது அதன் கடைசியில் சேர்க்கப்படுமா என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் கடைசியில்தான் சேர்க்கிறார்கள். அப்படியானால் 12 மாதக் கட்டாயத்தில் 3 மாதம் நிறுத்தினால், சேர்ந்த நாளிலிருந்து 15 மாதம் கழித்தே கட்டணமின்றி வெளியேற முடியும்.

பணம் கட்டிய வழியைப் பொறுத்து இன்னொரு சிக்கல் உண்டு, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆண்டுச் சந்தாவை ஒரு கடன் நிறுவனம் மூலமோ கடன் அட்டைத் தவணையாகவோ கட்டியிருந்தால், ஜிம்முக்கு முழுப் பணமும் முதல் நாளே போய்ச் சேர்ந்திருக்கும். நீங்கள் மாதந்தோறும் கட்டுவது கடனை. ஜிம்மில் சந்தா நின்றாலும் கடன் தவணை நிற்காது. ஜிம்காரர் நினைத்தாலும் அதை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. நோயின் நடுவில் தவணை தவறினால் தாமதக் கட்டணம் தனியாக ஏறும். எனவே ரசீதையும் கடன் ஒப்பந்தத்தையும் பிரித்துப் பார்த்து, யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கிக்குச் சொல்லி ஆட்டோ டெபிட்டை நீங்களாகவே ரத்துசெய்துவிடுவது தீர்வு என்று சிலர் நினைக்கிறார்கள். பணம் போவது நிற்கும், ஒப்பந்தம் நிற்காது. ஜிம்மின் கணக்கில் நீங்கள் நிறுத்திவைத்த உறுப்பினராக அன்றிப் பாக்கி வைத்த உறுப்பினராகவே இருப்பீர்கள். திரும்பி வரும்போது பேச்சு அந்தப் பாக்கியிலிருந்துதான் தொடங்கும்.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தில் ஐந்து இடங்களைத் தேடிப் படியுங்கள்

சேர்ந்தபோது கையெழுத்திட்ட படிவத்தின் பின்பக்கத்திலோ செயலியில் நீங்கள் ஏற்றுக்கொண்ட விதிமுறைகளிலோ நிறுத்திவைப்பு பற்றிய பகுதி இருக்கும். முழுவதையும் படிப்பது நல்லது. நோயாளிக்கு அதற்குப் பொறுமை இருக்காது என்பதால், வீட்டில் யாரையேனும் படிக்கச் சொல்லிக் கீழ்க்கண்டவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது முன்னறிவிப்புக் காலம். நிறுத்திவைப்பு தொடங்குவதற்கு 7 நாள் முன்னதாகவோ, அடுத்த கட்டணத் தேதிக்கு 30 நாள் முன்னதாகவோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது போன்ற விதி இருக்கும். இதை ஒட்டியே பின்தேதியிட்டு நிறுத்த முடியாது என்ற விதியும் வரும். மருத்துவமனையில் இருந்த மூன்று வாரத்தை, வீடு திரும்பிய பிறகு கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலான நிலையங்கள் மறுப்பது இந்த விதியைக் காட்டித்தான். திடீர் நோய்க்கு விலக்கு உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றாலும், மருத்துவமனையில் சேர்ந்த தேதியைக் காட்டும் சான்றுடன் மேலாளரிடம் கேட்டால் கொடுப்பவர்கள் உண்டு. மேசை ஊழியருக்கு அந்த அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அவரிடம் வாதாடுவதால் பயனில்லை.

இரண்டாவது, குறைந்தபட்ச அலகு. சில இடங்களில் நாள்கணக்கு, சில இடங்களில் 15 நாள், சில இடங்களில் முழு மாதம். மாதக்கணக்கில் மட்டுமே நிறுத்தும் இடத்தில் 83 நாள் ஓய்வு என்பது 2 மாதமாகவும் கணக்கிடப்படலாம், 3 மாதமாகவும் கணக்கிடப்படலாம். எது என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, உச்சவரம்பு: ஓராண்டில் மொத்தம் எத்தனை நாள், எத்தனை முறை. சாதாரண நிறுத்திவைப்புக்கும் மருத்துவ நிறுத்திவைப்புக்கும் தனித்தனி வரம்பு இருக்கக்கூடும். கடந்த கோடையில் பயணத்துக்காக ஏற்கெனவே 20 நாள் நிறுத்தியிருந்தால் அது இப்போது கழிக்கப்படுமா என்பது இதைப் பொறுத்தது. நான்காவது, நிறுத்திவைப்புக் காலத்துக்கான சிறு கட்டணம்; மருத்துவச் சான்று கொடுத்தால் அது தள்ளுபடியாகுமா என்று பாருங்கள். ஐந்தாவது, இணைப்புகள்: பர்சனல் டிரெய்னர் வகுப்புகள், லாக்கர் வாடகை, குடும்பச் சந்தாவில் உள்ள மற்றவர்கள். இவை ஒவ்வொன்றுக்கும் தனி முடிவு தேதி இருக்கலாம். முதன்மை உறுப்பினர் நிறுத்தினால் கூடச் சேர்ந்தவர்களின் நுழைவும் நின்றுவிடுகிற கணினி அமைப்புகள் உண்டு. மனைவி வாசலில் நிற்கும்போது கதவு திறக்காமல் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: ஊர் மாறுவதானால், நிறுத்திவைப்பதுதான் சரியா என்று பாருங்கள்

நோய்க்கு ஒரு முடிவு தேதி ஏறக்குறையத் தெரியும். இடமாற்றத்துக்கு அது தெரிவதில்லை. வேலை காரணமாக நான்கு மாதம் வேறு ஊருக்குப் போய்த் திரும்புபவருக்கு, அந்த நான்கு மாதம் உச்சவரம்புக்குள் இருந்தால், நிறுத்திவைப்பு பொருந்தும். நிரந்தரமாகப் போகிறவர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று நிறுத்திவைத்தால், வரம்பு முடிந்தவுடன் நாட்கள் தாமாக ஓடத் தொடங்கி, ஒரு நாள்கூடப் பயன்படாமல் தீர்ந்துவிடும். மாதக்கட்டணக்காரருக்கு இன்னும் மோசம், ஏனென்றால் பணமும் போகத் தொடங்கும்.

அவ்வாறு போகிறவர் கேட்க வேண்டியவை வேறு மூன்று: புதிய ஊரில் இதே நிறுவனத்தின் கிளை இருந்தால் மீதியை அங்கே மாற்ற முடியுமா, இரு கிளைகளின் கட்டண வித்தியாசத்தை யார் ஏற்பது, மீதி நாட்களை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா, அதற்கு மாற்றுக் கட்டணம் உண்டா, இவை இரண்டும் முடியாவிட்டால், இடமாற்றத்தைக் காரணம் காட்டி விலகி மீதிப் பணத்தைப் பெற விதி இருக்கிறதா. சில ஒப்பந்தங்களில், குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் குடிபெயர்ந்தால் அபராதமின்றி விலகலாம் என்று இருக்கும். புதிய முகவரிக்கான சான்றைக் கேட்பார்கள். ஒரே பெயர்ப்பலகை தொங்குவதால் எல்லாக் கிளைகளும் ஒரே நிறுவனத்துடையவை என்று எண்ணிவிட வேண்டாம். பெயரை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தனி உரிமையாளர் நடத்தும் கிளையானால், பழைய கிளை வாங்கிய பணம் புதிய கிளைக்கு வந்திருக்காது, ஆகவே மாற்றத்தை ஏற்க அதற்குக் காரணமும் இருக்காது. பழைய கிளை சரி என்று சொல்வதோடு நிறுத்தாமல், புதிய கிளையிலிருந்தும் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். போன பிறகு கேட்பதைவிடப் போவதற்கு முன் நேரில் கேட்பது எளிது என்பதையும் சொல்லத் தேவையில்லை.

நான்காம் படி: மருத்துவச் சான்றில் என்ன இருக்க வேண்டும்

ஜிம்முக்குத் தெரிய வேண்டியது நீங்கள் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை உடற்பயிற்சி செய்யக்கூடாது என்பது மட்டுமே. எனவே மருத்துவரிடம், 'இவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்க அறிவுறுத்தப்படுகிறார்' என்ற ஒரு வாக்கியம், அவருடைய கையெழுத்து, பதிவு எண், தேதி ஆகியவை அடங்கிய சிறு சான்றைக் கேளுங்கள். நோயின் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை. மருத்துவமனையின் முழு டிஸ்சார்ஜ் அறிக்கையைப் படமெடுத்து ஜிம்மின் பொதுவான வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புபவர்கள் ஏராளம். அந்தக் கைபேசி ஷிப்டுக்கு ஷிப்ட் கைமாறும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சான்றில் 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதியிருந்தால் அது போதாது. தொடக்க தேதியும் முடிவு தேதியும் இல்லாத சான்றை வைத்துக்கொண்டு கணினியில் எதையும் பதிவுசெய்ய முடியாது. முடிவு தேதி உறுதியாகத் தெரியாது என்று மருத்துவர் சொன்னால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை எழுதித் தரச் சொல்லுங்கள்; பிறகு நீட்டித்துக்கொள்ளலாம்.

இதே சந்திப்பில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். திரும்பும்போது 'பயிற்சி செய்யத் தகுதியுடையவர்' என்ற சான்றை ஜிம் கேட்டால் அதை எப்போது, யாரிடம் பெறுவது? அறுவை சிகிச்சை, இதயக் கோளாறு, மகப்பேறு ஆகியவற்றுக்குப் பின் இந்தச் சான்று இல்லாமல் உள்ளே விடாத நிலையங்கள் உண்டு. நிறுத்திவைப்பு திங்கட்கிழமை முடிந்து, மருத்துவரைப் பார்க்க அடுத்த திங்கட்கிழமைதான் நேரம் கிடைத்தால், இடையிலுள்ள 7 நாட்கள் உங்கள் கணக்கில்தான் கழியும்.

ஐந்தாம் படி: கடிதம்

தொலைபேசியில் பேசலாம்; பேசி முடித்ததும் அதையே மின்னஞ்சலில் எழுதுங்கள். செயலியில் 'ஃப்ரீஸ்' பொத்தான் இருந்தால் அதையும் அழுத்துங்கள், ஆனால் பொத்தான் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. கீழே உள்ள மாதிரியை உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

என் உறுப்பினர் எண் ______. என் ஆண்டுச் சந்தா பிப்ரவரி 1 முதல் ஜனவரி 31 வரை செல்லும். அறுவை சிகிச்சை காரணமாகச் செப்டம்பர் 12 வரை உடற்பயிற்சியைத் தவிர்க்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார், சான்று இணைக்கப்பட்டுள்ளது. ஜூன் 22 முதல் செப்டம்பர் 12 வரை, இரு தேதிகளும் உட்பட 83 நாட்களுக்கு, என் சந்தாவை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கின்படி புதிய முடிவு தேதி ஏப்ரல் 24 ஆகும். இது சரிதானா என்பதை உறுதிசெய்யவும்.

கீழ்க்கண்டவற்றுக்கும் எழுத்தில் பதில் அளிக்க வேண்டுகிறேன். செப்டம்பர் 13 அன்று சந்தா தானாகத் தொடங்குமா, நான் தெரிவித்த பிறகு தொடங்குமா? குணமாகத் தாமதமானால் எத்தனை நாள் வரை, எந்தத் தேதிக்குள் கேட்டு நீட்டிக்கலாம்? முன்னதாகவே குணமானால் முன்கூட்டித் தொடங்க முடியுமா? என்னிடம் மீதமுள்ள 9 பர்சனல் டிரெய்னர் வகுப்புகளின் காலாவதித் தேதியும் இதே அளவு தள்ளிப்போகுமா? திரும்பும்போது மறுசேர்க்கைக் கட்டணமோ தகுதிச் சான்றோ தேவையா? இடையில் கட்டண உயர்வு வந்தால் என் தற்போதைய சந்தாவையோ அடுத்த புதுப்பித்தலையோ அது பாதிக்குமா?

இப்படிக்கு,
______

கடிதத்தில் புதிய முடிவு தேதியை நீங்களே கணக்கிட்டு எழுதுவதுதான் இதில் மிக முக்கியமான வரி. 'எத்தனை நாள் தள்ளிப்போகும்?' என்று கேட்டால் 'விதிப்படி தள்ளிப்போகும்' என்ற பதில் வரும். ஏப்ரல் 24 என்று எழுதினால், அதை ஏற்கவோ மறுக்கவோ அவர்கள் கணினியைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

ஒரு கணக்கை முழுமையாகப் பார்ப்போம்

மேலே உள்ள கடிதத்தின் எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம். லீப் ஆண்டு குறுக்கிடாத 365 நாள் சந்தா அது. அந்த உறுப்பினருக்கு ஜூன் 20 அன்று முழங்கால் அறுவை சிகிச்சை. அதிலிருந்து 12 வாரம், அதாவது 84 நாள், ஓய்வு. செப்டம்பர் 12 வருகிறது. அவர் ஜூன் 15 அன்று கடிதம் கொடுத்தார். 7 நாள் முன்னறிவிப்பு விதியால் நிறுத்திவைப்பு ஜூன் 22 அன்றுதான் தொடங்கும். அறுவை சிகிச்சை நாளும் அதற்கு மறுநாளும் வீணாயின. ஜூன் 13 அன்றே கொடுத்திருந்தால் அந்த இரண்டு நாளும் மிஞ்சியிருக்கும்.

பிப்ரவரி 1 முதல் ஜூன் 21 வரை 141 நாட்கள் கழிந்துவிட்டன. 365 நாட்களில் மீதி 224. செப்டம்பர் 13 முதல் 224 நாட்களை எண்ணினால் ஏப்ரல் 24 அன்று முடிகிறது. இதை இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம்: பழைய முடிவு தேதியான ஜனவரி 31உடன் 83 நாட்களைக் கூட்டினாலும் அதே ஏப்ரல் 24தான் வர வேண்டும். இரண்டு வழியிலும் ஒரே தேதி வராவிட்டால், தொடக்க நாளையோ முடிவு நாளையோ எங்கோ சேர்த்தோ விட்டோ எண்ணியிருக்கிறீர்கள். ஜிம்மின் பதிலில் ஒரு நாள் வித்தியாசம் இருந்தால் காரணம் அதுவாகவே இருக்கும். அதற்காகச் சண்டையிட வேண்டாம். 23 நாள் வித்தியாசம் இருந்தால் அவர்கள் 2 மாதத்தை 60 நாளாக எடுத்து மீதியை விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதற்குச் சண்டையிடலாம்.

இனி, நிறுத்திவைப்பின் உச்சவரம்பு 90 நாள் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் முதல் வாரப் பரிசோதனையில் மருத்துவர் இன்னும் 3 வாரம் பொறுக்கச் சொல்கிறார். ஓய்வு முடியும் புதிய தேதி அக்டோபர் 3. தேவைப்படும் மொத்த நாட்கள் 104. ஆனால் 90ஆவது நாள் செப்டம்பர் 19 அன்றே வந்துவிடும். செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 3 வரையிலான 14 நாட்கள், உறுப்பினர் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கும்போதே கழிந்துவிடும். வரம்புக்குள் கிடைக்கும் சந்தாவின் முடிவு தேதி மே 1 மட்டுமே.

இங்கே அவர் செய்யக்கூடியது இரண்டு. செப்டம்பர் 12க்கு முன்பாகவே புதிய சான்றுடன் நீட்டிப்பைக் கேட்க வேண்டும். 7 நாள் முன்னறிவிப்பு நீட்டிப்புக்கும் பொருந்துமானால் செப்டம்பர் 5க்குள் கேட்க வேண்டும். வரம்பைத் தாண்டும் 14 நாட்களுக்கு மருத்துவக் காரணத்தால் விலக்கு கேட்க வேண்டும், அது கிடைக்காவிட்டால் அந்த 14 நாட்களை வீட்டில் உள்ள வேறொருவர் பயன்படுத்தலாமா என்றாவது கேட்கலாம். நிறுத்திவைப்பு ஏற்கெனவே முடிந்து, கணினியில் சந்தா மீண்டும் 'செயலில்' என்று மாறிய பிறகு கேட்டால், அது புதிய நிறுத்திவைப்பாகக் கருதப்படும். ஓராண்டுக்கு ஒரு முறை மட்டுமே என்ற விதி உள்ள இடத்தில் கதை அத்துடன் முடிந்தது.

பர்சனல் டிரெய்னர் வகுப்புகளின் கணக்கு தனி. அவர் மார்ச் 1 அன்று 24 வகுப்புகளை 6 மாதச் செல்லுபடிக் காலத்துடன் வாங்கி 15ஐப் பயன்படுத்தியிருந்தார். ஆகஸ்ட் இறுதியில் மீதி 9 வகுப்புகளும் காலாவதியாகும், அதாவது நிறுத்திவைப்பின் நடுவிலேயே. சந்தா நிறுத்தப்பட்டால் வகுப்புகளும் தாமாக நிற்கும் என்று அவர் நம்பியிருந்தால் இழப்பு சிறியதாக இருந்திருக்காது, ஏனென்றால் தனிப்பயிற்சியின் விலை பெரும்பாலும் சந்தாவைவிடக் கனமானது.

மாதக்கட்டணக்காரருக்குக் கணக்கு எளிது, கண்ணி வேறு. கட்டணம் மாதந்தோறும் 5ஆம் தேதி எடுக்கப்படுகிறது, நீங்கள் 2ஆம் தேதி கடிதம் கொடுக்கிறீர்கள், முன்னறிவிப்பு 7 நாள் என்றால், 5ஆம் தேதிப் பணம் போய்விடும். அதைத் திருப்பித் தரச் சொல்வதைவிட, திரும்பும் மாதத்துக்கு வரவு வைக்கச் சொல்வது எளிதில் நடக்கும். அந்த வரவையும் எழுத்தில் பெற வேண்டும்.

ஆறாம் படி: வந்த பதிலைப் படிக்கும் முறை

நல்ல பதிலில் மூன்று தேதிகள் இருக்கும்: நிறுத்திவைப்பு தொடங்கும் நாள், முடியும் நாள், சந்தாவின் புதிய முடிவு நாள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் மீண்டும் கேளுங்கள். 'கவலைப்படாதீர்கள், வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்ற பதில் அன்பாகச் சொல்லப்படுவதுதான். அதை எழுதியவர் அன்று உண்மையாகவே உதவ நினைத்திருக்கவும் கூடும். ஆனால் அந்த வரியைக் கணினியில் பதிவுசெய்ய இடம் கிடையாது. அத்தகைய பதிலுக்கு, 'நன்றி. நாம் பேசியபடி ஜூன் 22 முதல் செப்டம்பர் 12 வரை நிறுத்திவைக்கப்பட்டு, முடிவு தேதி ஏப்ரல் 24 ஆக மாறியுள்ளது என்று எடுத்துக்கொள்கிறேன். தவறிருந்தால் இந்த வாரத்துக்குள் தெரிவிக்கவும்' என்று மறுமொழி அனுப்புங்கள். பின்னாளில் உங்கள் கையில் இருக்கப்போவது இந்த மின்னஞ்சல்தான்.

'நீங்கள் சொல்லும்வரை காலவரையின்றி நிறுத்திவைத்திருக்கிறோம்' என்ற பதிலையும் அப்படியே நம்ப வேண்டாம். நான் பயன்படுத்திய மென்பொருளில் முடிவு தேதி போடாமல் நிறுத்திவைப்பைப் பதிவுசெய்யவே முடியாது. ஆகவே ஊழியர் ஏதோ ஒரு தேதியைப் போடுவார், அந்த நாளில் சந்தா தானாக விழித்துக்கொள்ளும். என்ன தேதி போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். செயலி இருந்தால், கடிதம் ஏற்கப்பட்ட இரண்டு மூன்று நாட்களில் அதைத் திறந்து முடிவு தேதி மாறியிருக்கிறதா என்று பார்த்து, திரையைப் படமெடுத்து வையுங்கள். மின்னஞ்சலில் ஒன்றும் செயலியில் வேறொன்றும் இருந்தால், வாசல் கதவு செயலியின் பேச்சைத்தான் கேட்கும்.

டியூஷனில் என்ன மாறுகிறது

ஜிம்மில் நீங்கள் இல்லாத நாட்களில் எந்த இயந்திரமும் முன்னேறிப் போய்விடுவதில்லை. டியூஷனில் பாடம் போய்விடும். அதனால் இங்கே நாட்களைத் தள்ளிப்போடுவதைவிட, திரும்பும்போது பிள்ளை எந்த பேட்சில், எந்தப் பாடத்தில் உட்காருவது என்பதே முதன்மையான கேள்வி. எட்டு வாரம் கழித்து அதே பேட்சுக்குத் திரும்பினால் நடுவில் ஐந்து பாடங்கள் இருக்காது. பின்னால் தொடங்கிய பேட்சுக்கு மாறினால் பாடம் தொடரும், நேரமும் ஆசிரியரும் மாறலாம். இரண்டில் எது கிடைக்கும் என்று கேட்டு, விட்ட பாடங்களின் பதிவோ குறிப்போ ஈடுவகுப்போ தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் கேளுங்கள்.

அடுத்து இடம். குறைந்த எண்ணிக்கையில் மாணவர்களைச் சேர்க்கும் ஆசிரியர், காலி நாற்காலியை இரண்டு மாதம் வைத்திருப்பது அவருக்கு நேரடி இழப்பு. ஆகவே 'கட்டணம் வேண்டாம், இடம் மட்டும் வேண்டும்' என்று கேட்பது அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய கோரிக்கை. மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியை இடம் காக்கும் தொகையாகக் கொடுக்கச் சிலர் முன்வருகிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அப்படிக் கொடுத்தால், திரும்பிய முதல் மாதக் கட்டணத்தில் அது கழிக்கப்படுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இடத்தைக் காக்க முடியாது என்று அவர் சொன்னால், காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை தருவாரா என்றும், மீண்டும் சேர்க்கைக் கட்டணம் வாங்குவாரா என்றும் கேளுங்கள்.

கட்டணம் எந்த முறையில் கட்டப்பட்டது என்பது இங்கும் முக்கியம். வகுப்புக் கணக்கில் வாங்கியிருந்தால், உதாரணமாக 40 வகுப்புகளில் 26 முடிந்திருந்தால், மீதி 14 வகுப்புகளும் அவற்றின் காலாவதித் தேதியும் மட்டுமே பேசப்பட வேண்டியவை. பருவக் கட்டணமானால், பருவம் முடிந்தவுடன் மீதி தானாகக் காலாவதியாகிவிடும் என்பதே வழக்கமான நிலைப்பாடு. அடுத்த பருவத்துக்கு வரவு வைக்கச் சம்மதிப்பார்களா என்பதைப் பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். ஊர் மாறும் மாணவருக்கு, அதே ஆசிரியர் இணையவழி வகுப்பு நடத்துகிறாரா, நேரடி வகுப்புக்குக் கட்டிய தொகை அதற்குச் செல்லுமா என்பதும் நிறுத்திவைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. பாடத்திட்டமே மாறும் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் நிறுத்திவைப்பதில் பொருளில்லை. மீதியைத் திரும்பப் பெறும் பேச்சையே தொடங்குங்கள்.

தனியாக வீட்டில் பாடம் சொல்லித் தரும் ஆசிரியரிடம் ஒப்பந்தம் எதுவும் இருக்காது. அங்கே ஒரு குறுஞ்செய்தி போதும், அதிலும் தேதிகள் இருக்க வேண்டும்: 'பிள்ளை உடல்நலமின்றி இருப்பதால் இந்த மாதம் 10 முதல் அடுத்த மாதம் 20 வரை வர இயலாது, ஐயா. இந்த மாதம் கட்டிய தொகையில் 9ஆம் தேதி வரை போக மீதியை, திரும்பும் மாதத்தில் சேர்த்துக்கொள்ளலாமா? 21ஆம் தேதி முதல் இதே மாலை நேரத்தில் இடம் இருக்குமா? இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு நேரத்துக்கு ஏற்பாடு செய்துகொள்கிறோம்.'

ஏழாம் படி: திரும்பும் வாரம்

நிறுத்திவைப்பு முடியும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாக நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பு தேவையா, தகுதிச் சான்று கையில் இருக்கிறதா என்று பார்க்க அந்தப் பத்து நாள் வேண்டும். மாதக்கட்டணமானால், நடுவில் வங்கி அட்டை மாறியதா, கணக்கில் பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். திரும்பிய முதல் மாதமே கட்டணம் தவறினால் பழைய கட்டணச் சலுகையை ரத்துசெய்யும் விதி சில ஒப்பந்தங்களில் உண்டு.

முதல் நாள் உள்ளே நுழைவதற்கு முன் மேசையில் முடிவு தேதியைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஏப்ரல் 24 என்று அவர் சொன்னால் பயிற்சிக்குப் போகலாம். வேறு தேதி சொன்னால் அந்த மின்னஞ்சலைக் காட்டி அன்றே திருத்தச் சொல்லுங்கள். ஏப்ரலில் போய்க் கேட்டால், நீங்கள் ஏழு மாதம் எதுவும் சொல்லாமல் வந்து போனதை அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். நானும் அந்த மேசையில் இருந்தபோது அப்படித்தான் சுட்டிக்காட்டினேன்.